கர்னலின் பன்னிரண்டு பக்கமும் கத்தரியின் ஒரு பக்கமும்

கத்தரி என்று அவளுக்குப் பெயர் வைத்தது யாரென்று அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். கம்பெனியிலிருந்து வெளியே போகும் எந்த எழுத்தும் அவள் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும். போகும்போது பாதியாக இளைத்துத்தான் போகும். தன் கல்யாணப் பத்திரிகையிலேயே நாலு வரியை அடித்தவள் அவள். அதில் ஒரு வரி மாப்பிள்ளையின் பெரியப்பா வாங்கிய பட்டங்கள். அவர் இன்றுவரை இவளோடு பேசுவதில்லை. அதில் குடும்பத்துக்கே நிம்மதி என்று கணவன் ரகசியமாகச் சொல்வான்.

கம்பெனி விற்றது மருந்துக் கடைகளுக்கான மென்பொருள். பில் போடும், சரக்கைக் கணக்கு வைக்கும், எந்த மாத்திரைக்கு எப்போது கெடு முடிகிறது என்று பார்த்துக்கொள்ளும். இதே வேலையைச் செய்ய இன்னொரு கம்பெனியும் இருந்தது. அதன் சின்னம் பச்சை நிறம் என்பதால் இங்கே எல்லோரும் அதை 'பச்சை' என்றே சொன்னார்கள். சொல்லும்போது வாயில் கசப்பு மாத்திரை ஒட்டிக்கொண்டதுபோல முகத்தை வைத்துக்கொள்வது வழக்கம்.

விற்பனைப் பிரிவின் தலைவர் கர்னல். அவர் பட்டாளத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் வாடிக்கையாளருக்குப் போன் போடுவதைப் போர் என்பார், மதியச் சாப்பாட்டைப் போர்நிறுத்தம் என்பார். பச்சையை எதிர்த்துப் பேசுவதற்கு அவர் தன் கையால் ஒரு பேட்டில் கார்டு எழுதி வைத்திருந்தார். போட்டிக்காரனைப் பற்றி வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் விற்பவர் அதைப் பார்த்து உடனே பதில் சொல்லவேண்டும். கார்டு என்பதன் லட்சணம் அதுதான். கர்னலின் கார்டு பன்னிரண்டு பக்கம். நாலாவது பக்கம் வரை கம்பெனியின் வரலாறு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'நாமே சந்தையின் சிங்கம்' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி.

இந்தச் சிங்கத்தின் வாயில் போய் விழுந்தவர்தான் புதுசு.

விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேரும் யாருக்கும் முதல் விற்பனை முடியும்வரை பெயர் கிடையாது. 'புதுசு' என்றுதான் கூப்பிடுவார்கள். விற்றுக் காட்டிய அன்று கர்னல் ஒரு பட்டப்பெயர் கொடுப்பார், அது ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். பொதுவாகப் புதுசுகள் மீசை அரும்பும் வயதில் வருவார்கள். இவருக்கு மீசை நரைக்கவே ஆரம்பித்திருந்தது. வீட்டில் கல்லூரிக்குப் போகும் மகள் இருந்தாள். பதினேழு வருஷம் ஒரு லிஃப்ட் கம்பெனியில் புகார் கேட்கும் போனில் உட்கார்ந்திருந்தவர். அந்தக் கம்பெனி மூடிவிட்டது. இத்தனை வயதில் மனுஷன் புதுசு என்ற கூப்பாட்டுக்குத் திரும்பிப் பார்ப்பதைக் காணும்போதெல்லாம் கத்தரிக்குச் சங்கடமாக இருக்கும். அவள் மட்டும் 'சார்' என்பாள்.

புகார் போனில் உட்கார்ந்தவருக்கு ஒரு பழக்கம் ரத்தத்தில் ஊறியிருந்தது. எதிர்முனையில் குரல் லேசாக உயர்ந்தால் போதும், "மன்னிக்கணும் சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அடுத்த மேஜையில் ஒருவர் தும்மியதற்கு மன்னிப்புக் கேட்டவர் அவர்.

இந்த மாத முடிவுக்குள் ஒரு விற்பனையாவது காட்டாவிட்டால் அவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று கர்னல் சொல்லியிருந்தார். கையில் இருந்தது ஒரே ஒரு வாடிக்கையாளர், ஒன்பது மருந்துக் கடைகளுக்குச் சொந்தக்காரர். பச்சையை வைத்திருந்தார், மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

முதல் போனில் புதுசு கர்னலின் கார்டைத் திரையில் திறந்துவைத்துக்கொண்டுதான் பேசினார். கடைக்காரர், "பச்சைகிட்ட இல்லாதது உங்ககிட்ட என்னய்யா இருக்கு?" என்று கேட்டார். புதுசு பக்கங்களை உருட்டினார். உருட்டினார். "ஒரு நிமிஷம் சார்" என்றார். மறுபடி உருட்டினார். ஏழாம் பக்கத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. கிடைத்ததே பெரிது என்று அப்படியே வாசித்தார்: "பச்சையிடம் கெடு முடியும் மருந்துக்கு எச்சரிக்கை மணி கிடையாது."

அந்த நேரம் பார்த்து எதிர்முனையில் டிங் டிங் என்று மணி அடித்தது.

"இப்ப அடிச்சுதே, அது என்ன, என் பேரன் விளையாடற சைக்கிள் பெல்லா?" என்றார் கடைக்காரர். "போன மாசமே பச்சைக்காரன் இதக் குடுத்துட்டான்."

"மன்னிக்கணும் சார்."

"வெள்ளிக்கிழமை காலையில இன்னொரு தடவ கூப்பிடுங்க. அப்பவாவது வீட்டுப்பாடம் படிச்சுட்டு வாங்க" என்று போனை வைத்தார்.

கர்னல் தன் கண்ணாடி அறையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கார்டில் வேகம் போதவில்லை, இன்னும் மூன்று பக்கம் சேர்க்கவேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு. கத்தரி எழுந்துபோய் அவர் எதிரில் நின்றாள்.

"சார், அந்தக் கார்ட என்கிட்ட குடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பக்கமாக்கித் தரேன்."

"ஒரு பக்கமா? அட்டையே ஒரு பக்கம் வருமேம்மா!"

"போன்ல பேசறவருக்கு ஒரு காது அங்க, ஒரு கண்ணு இங்க. புத்தகம் படிக்க அவருக்கு ஏது நேரம்?"

கர்னல் மீசையைத் தடவினார். தன் பிள்ளையை ஆபரேஷனுக்கு அனுப்புகிற தகப்பனைப்போல ஒருவழியாகத் தலையாட்டினார். ஆனால் எல்லோரும் திறக்கக்கூடிய பொதுக் கோப்பில்தான் திருத்தவேண்டும், அது தன் பெயரிலேயேதான் இருக்கும் என்று நிபந்தனை போட்டார். அந்த நிபந்தனை எங்கே கொண்டுபோய் விடும் என்று கத்தரிக்கு அப்போது தோன்றவில்லை.

முதல் வேலையாக வரலாற்றை அடித்தாள். சிங்கங்களை ஒவ்வொன்றாகக் கூண்டை விட்டு விரட்டினாள். மிச்சம் இருந்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'யார் சொன்னது? எப்போது?' என்று குறித்துக்கொண்டே போனாள். பாதிக்குப் பதில் இல்லை. பச்சை தன் இணையதளத்தில் வைத்திருந்த உதவிப் பக்கங்களை உட்கார்ந்து படித்தாள். வீட்டுத் தெருவில் பச்சையை வைத்திருந்த மருந்துக் கடையில் தொண்டை மாத்திரை வாங்கப் போய், தான் எந்தக் கம்பெனி என்பதை மறைக்காமல் சொல்லி, அது எப்படி என்று கேட்டாள். "போன் ஆப் பிரமாதம்க்கா. நெட் போச்சுன்னா மட்டும் பில் போட முடியாது, வாசலப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருப்பேன்" என்றார் அந்தத் தெருக் கடைக்காரர். மணியைப் பற்றிக் கேட்டாள். "அடிக்கும். அடிச்சா நான் அணைச்சுடுவேன்."

"அணைச்சுட்டு?"

"அணைச்சுட்டு என்ன? எங்க இன்னொரு கடையில அந்த மாத்திரை போகுமான்னு போன் பண்ணிக் கேக்கணும். யாரு கேக்கறா?"

கத்தரிக்கு அங்கேயே கார்டின் பாதி கிடைத்துவிட்டது. எல்லாக் கிளைகளின் சரக்கையும் ஒன்றாகப் பார்த்து, இந்தக் கடையில் கெடு முடியப்போகும் மருந்து எந்தக் கடையில் வேகமாக விற்கும் என்று காட்டி மாற்றி அனுப்பச் சொல்வது அவர்கள் மென்பொருள். பச்சையில் ஒவ்வொரு கடையும் தனித்தனி. பச்சையின் உதவிப் பக்கத்திலும் அதைச் சரிபார்த்துக்கொண்டாள். மணி இல்லை என்று பொய் சொல்லவே வேண்டாம். மணி அடித்த பிறகு என்ன நடக்கிறது என்று கேட்டால் போதும்.

புதிய கார்டை இரண்டு பத்தியாகப் பிரித்தாள். இடது பக்கம் வாடிக்கையாளர் வாயில் வரும் சொல், அவர் சொல்கிறபடியே: 'அவன் விலை கம்மி', 'அவன்கிட்டயும் மணி இருக்கு', 'அவன் ஆப் நல்லா இருக்கு'. வலது பக்கம் நாம் சொல்லவேண்டியது, ஒரே மூச்சில் சொல்லி முடிகிற அளவுக்கு. மூச்சு வாங்கினால் வரியை வெட்டு என்பது சட்டம். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அது சரிபார்க்கப்பட்ட தேதி.

எழுதியாயிற்று. பேசிப் பார்க்கவேண்டுமே? அதற்கு ஆள் தேடி அவள் வெளியே போகவில்லை. வீட்டிலேயே மாமியார் இருந்தார்.

கத்தரியின் மாமியாரிடம் எதையாவது விற்கலாம் என்று போன் செய்த பிள்ளைகள் நொந்து நூலாகிப்போன கதைகள் ஏராளம். கடன் அட்டை விற்கக் கூப்பிட்ட ஒரு பையனை அவர் அரைமணி நேரம் பேச்சில் பிடித்துவைத்தார், கடைசியில் அவன் வேலையை விட்டுவிட்டு மேலே படிக்கச் சம்மதித்துவிட்டுத்தான் போனை வைத்தான்.

"அத்தை, ஒன்பது மருந்துக் கடை வெச்சிருக்கீங்கன்னு நினைச்சுக்குங்க."

"எதுக்கு ஒன்பது? இருபதா வெச்சுக்கறேன். நினைக்கறதுல என்ன கஞ்சத்தனம்?"

மறுநாள் அலுவலகத்துக்குப் போன் வந்தது. யாரென்று புதுசுக்கும் தெரியும், இருந்தும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டுதான் எடுத்தார். கத்தரி பக்கத்தில் உட்கார்ந்து கார்டைப் பார்க்காமல் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் எங்கே தேடி அலைகிறதோ அங்கே கார்டில் கோளாறு. மாமியார் ஒரு கேள்வியை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினார், நடுவில் பால்காரரைத் திட்டினார், திரும்பி வந்து விலையைப் பிடித்தார். புதுசு கார்டைப் பார்த்து நிதானமாக வாசித்தார்:

"லேசாகச் சிரித்துவிட்டு, உங்க சந்தேகம் நியாயம்தாங்கம்மா."

"சிரிப்பு காதுல விழலயே?" என்றார் மாமியார்.

கத்தரி தலையில் அடித்துக்கொண்டாள். 'லேசாகச் சிரித்துவிட்டு' என்பது அவள் ஓரத்தில் எழுதிவைத்த யோசனை. பதற்றத்தில் இருப்பவர் கண்ணில் பட்டதையெல்லாம் வாசிப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அன்றே வாயால் சொல்லவேண்டியதை மட்டும் பெரிய கறுப்பு எழுத்தில் வைத்தாள். தேதிகளைக்கூடச் சாம்பல் நிறத்தில் சின்னதாக்கிவிட்டு, மற்றதையெல்லாம் வேறு கோப்புக்கு நாடுகடத்தினாள். மாமியார் மூன்று தடவை போன் செய்தார். ஒவ்வொரு தடவையும் கார்டு இளைத்தது. மூன்றாவது தடவை புதுசின் கண் எங்கும் அலையவில்லை. மன்னிப்பும் ஒரே ஒரு தடவைதான் கேட்டார், அதுவும் பால்காரர் சார்பில்.

"மேடம், இந்தத் தடவ முடியும்னு தோணுது" என்றார். "வீட்டுல பொண்ணு தினமும் கேக்கறா, உங்களுக்கு ஆபீஸ்ல என்னப்பா பேர்னு. நான் பேச்ச மாத்திடறேன்."

இந்த மனுஷன் ஜெயித்தே ஆகவேண்டும் என்று கத்தரி மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை. கார்டை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடலாம் என்று பார்த்தால் பிரிண்டரில் மை தீர்ந்திருந்தது. கர்னல் பன்னிரண்டு பக்கத்தை ஆளுக்கொரு பிரதி எடுத்துக் கொடுத்ததன் பலன் அது. சரி, திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று புதுசு ஒன்பது கடைக்காரரைக் கூப்பிட்டார். தன் மேஜையில் கத்தரியும், கண்ணாடி அறையில் கர்னலும் அதே பேச்சைக் கேட்க ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள்.

தொடக்கம் நன்றாகவே போனது. "மணி விஷயத்துல போன தடவ நான் சொன்னது பழைய தகவல் சார், சரிபார்த்துட்டேன்" என்று புதுசு சொன்னதும் கடைக்காரர் "ம்" என்றார். அந்த 'ம்'மில் கொஞ்சம் மரியாதை இருந்தது.

அப்போதுதான் கத்தரி திரையைப் பார்த்தாள். பொதுக் கோப்பில் யார் நுழைந்தாலும் அவர்கள் பெயரோடு ஒரு கலர்க் கோடு மின்னும். கார்டின் உச்சியில் 'கர்னல்' என்று ஒரு சிவப்புக் கோடு மின்னிக்கொண்டிருந்தது. அதன் வாலிலிருந்து எழுத்துகள் புறப்பட்டன. 'நாமே சந்தையின்...'

சிங்கம் வருவதற்குள் கத்தரி பாய்ந்து அழித்தாள். கர்னல் மறுபடி தட்டினார். அவள் மறுபடி அழித்தாள். கண்ணாடிக்கு அப்பால் கர்னல் முறைத்தார். இவளும் முறைத்தாள். அவர் தந்திரமாகக் கீழே இறங்கி, விலைக்கு எதிரே ஒரு முழுப் பத்தியை ஒட்டினார். கார்டு சரசரவென்று கீழே இறங்கியது. புதுசு படித்துக்கொண்டிருந்த வரி கண்ணெதிரிலேயே வழுக்கி ஓடியது.

"விலை அவன்கிட்ட கம்மியாச்சே?" என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

புதுசின் கண் மேலும் கீழும் அலைந்தது. "மன்..." என்று ஆரம்பித்தார்.

அழித்து மாளாது என்று கத்தரிக்குப் புரிந்துவிட்டது. கோப்பு கர்னலுடையது, பூட்டவும் முடியாது. ஒரு கையால் பத்தியை அழித்தபடியே இன்னொரு கையால் தன் கைப்பேசியை எடுத்து மாமியாருக்கு ஒரு வரி அனுப்பினாள்: 'அத்தை, இருபது கடை. இப்பவே. கர்னல் நம்பர்.' நம்பரையும் சேர்த்தே அனுப்பினாள்.

கண்ணாடி அறையில் மேஜைப் போன் அடித்தது. கர்னல் எரிச்சலோடு எடுத்தார். இரண்டு நொடியில் எரிச்சல் போய் முதுகு நிமிர்ந்தது. "இருபது கடையாம்மா?" என்று அவர் வாய் அசைந்தது. காதிலிருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு, மேஜையிலிருந்து தன் பன்னிரண்டு பக்கத்தையும் வாரி எடுத்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். சிவப்புக் கோடு அநாதையாக ஒரே இடத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

கார்டு தன் இடத்துக்கு ஏறி வந்தது. புதுசு மூச்சை இழுத்தார்.

"ஆமா சார், மாசக் கட்டணம் அவங்களுக்குக் கம்மிதான். போன மாசம் கெடு முடிஞ்சு நீங்க தூக்கிப் போட்ட மருந்தையும் சேர்த்துப் பார்த்தா எப்படி வரும்?"

எதிர்முனையில் பேச்சில்லை. அந்த அமைதியில் புதுசு வாய் திறந்துவிடுவாரோ என்று கத்தரிக்கு உயிரே போயிற்று. அவர் திறக்கவில்லை. பதினேழு வருஷம் புகார் கேட்டவருக்குக் காத்திருக்கவும் தெரிந்திருந்தது.

டிங் டிங்.

"சார், இப்ப அடிச்சது எந்தக் கடையிலன்னு தெரியுமா?" என்றார் புதுசு.

"இங்கதான், என் பக்கத்துல. ஏதோ சர்க்கரை மாத்திரை."

"உங்க மத்த எட்டுக் கடையில அது எங்க வேகமாப் போகும்னு அந்த மணி சொல்லுதா?"

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "சொன்னா நான் எதுக்குய்யா உங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கேன்? ஆனா அவன் ஆப் நல்லா இருக்கே."

"ஆப் அவங்களது நல்லாத்தான் இருக்கும் சார். எங்களது சுமார்தான்."

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு கடையில் போட்டுப் பார்க்கிறேன், ஒத்துவந்தால் ஒன்பதிலும் மாற்றிக்கொள்கிறேன், இரண்டுக்கும் இன்றைக்கே ஒப்பந்தம் அனுப்புங்கள் என்றார். புதுசு போனை வைத்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு, "மேடம், நான் மன்னிப்புக் கேட்டேனா?" என்றார்.

"பாதி கேட்டீங்க. பரவால்ல, முழுசா வரல."

கண்ணாடி அறைக் கதவு திறக்க இன்னும் வெகு நேரம் ஆயிற்று. வெளியே வந்த கர்னலின் குரல் கம்மியிருந்தது. நேராகக் கத்தரியின் மேஜைக்கு வந்தார்.

"அந்த இருபது கடைக்காரம்மா ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே கேள்வி கேட்டாங்கம்மா. 'இதை ஒரே மூச்சுல சொல்லுங்க'ன்னு. என்னால ஒண்ணக்கூடச் சொல்ல முடியல."

கத்தரி கீபோர்டைத் துடைத்தாள்.

"கடைசியில, 'எதுக்கும் என் மருமகளக் கேட்டுட்டுச் சொல்றேன்'னு வெச்சுட்டாங்க." கர்னல் குனிந்தார். "யாரும்மா அந்த மருமக?"

கத்தரி கூரையைப் பார்த்தாள். கூரையில் அவ்வளவு நேரம் பார்க்க எதுவும் இல்லை. கர்னலின் மீசை ஒரு பக்கமாகத் துடித்தது. சிரிப்பா கோபமா என்று கண்டுபிடிப்பதற்குள் அவர் தன் அறைக்குத் திரும்பிவிட்டார்.

அவர் உட்கார்ந்த சற்று நேரத்தில் கார்டில் சிவப்புக் கோடு மறுபடி மின்ன ஆரம்பித்தது. கத்தரியின் விரல் தானாக அழிக்கும் பொத்தானுக்குப் போனது. கோடு மெதுவாக உச்சிக்கு ஏறியது. அங்கே, 'பயன்படுத்துபவர்: புதுசு' என்று அவள் எழுதியிருந்த வரியில் போய் நின்றது. 'புதுசு' என்ற சொல் பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக மறைந்தது. அந்த இடத்தில் 'டிங் டிங் சார்' என்று வந்தது.

கத்தரி விரலை எடுத்துக்கொண்டாள்.

பக்கத்து மேஜையிலிருந்த டிங் டிங் சார் அதைப் பார்த்துவிட்டார். கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"அம்மாடி, கிளாஸ்ல இருக்கியா? ஒண்ணுமில்ல. அப்பாவுக்கு ஆபீஸ்ல என்ன பேர்னு கேட்டியே, அதுக்குத்தான் பண்ணேன்."